ஒரு ஜெர்மன் சொல்லின் பதின்மூன்று மாதங்கள்

அமெரிக்காவின் ஒஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஹாரி பாரிக், சொற்களை இடைவெளி விட்டுத் திருப்பினால் எவ்வளவு காலம் நினைவில் நிற்கும் என்று அறியும் ஓர் ஆய்வுக்கு ஆள் தேடி வெளியே போகவில்லை. தான், மனைவி, இரண்டு மகள்கள் என்று வீட்டிலிருந்த நான்கு பேரையே சோதனைக்கு உட்படுத்தினார். ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாத 300 அயல்மொழிச் சொற்களைப் படிக்க வேண்டும். சொற்கள் ஐம்பது ஐம்பதாக ஆறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. சில கூறுகளை 14 நாளுக்கு ஒருமுறையும், சிலவற்றை 28 நாளுக்கு ஒருமுறையும், சிலவற்றை 56 நாளுக்கு ஒருமுறையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு கூறுக்கு 13 அமர்வு, இன்னொன்றுக்கு 26 அமர்வு. எல்லாம் முடிந்து ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு கழித்து எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்த்தார்கள். 56 நாள் இடைவெளியில் 26 அமர்வு என்றால் படிப்புக்கே நான்கு ஆண்டு, அதன்பின் ஐந்தாண்டுக் காத்திருப்பு. ஒன்பது ஆண்டு நீண்ட இந்த ஆய்வு 1993-இல் வெளியானது. தந்தை, தாய், மகள்கள் நால்வரின் பெயரும் ஆசிரியர்களாக அதில் இருக்கின்றன.

முடிவு இதுதான்: 56 நாளுக்கு ஒருமுறை 13 தடவை படித்த சொற்கள், 14 நாளுக்கு ஒருமுறை 26 தடவை படித்த சொற்களுக்கு ஏறக்குறைய இணையாக நினைவில் நின்றன. பாதி உழைப்பில் அதே பலன். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இடைவெளி அதிகமான சொற்களைப் படிக்கும்போது சற்றுக் கடினமாகவே இருந்தது. ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் அவை அதிகம் மறந்திருந்தன. படிக்கிறவருக்கு அந்த நேரத்தில் எது மோசமாகத் தோன்றியதோ, அதுதான் ஆண்டுகள் கழித்து நன்றாக நின்றிருக்கிறது.

நாற்பதைக் கடந்தபின் சென்னையில் ஒரு மாலை வகுப்பில் ஜெர்மன் படிக்கச் சேர்ந்தவன் நான். வகுப்பில் பாதிப்பேர் செவிலியர். ஜெர்மனியில் செவிலியராகப் பணிபுரியும் உரிமம் பெறப் பொதுவாக ஜெர்மன் மொழித்தேர்ச்சியில் பி2 நிலை கேட்கிறார்கள். அதற்கு முன்படியாக பி1 தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இரவுப் பணி முடிந்து, தூங்காத கண்களோடு வந்து உட்காருவார்கள். அவர்களில் திருச்சிக்காரப் பெண் ஒருவரின் நோட்டில் பக்கத்துக்கு முப்பது சொல், எதிரே தமிழில் பொருள், நடுவே கோடு. பேருந்தில் வரும்போது அதைப் பத்துமுறை படிப்பார். “படிக்கும்போது எல்லாம் தெரிகிறது அண்ணா, நோட்டை மூடினால் ஒன்றும் வருவதில்லை” என்று ஒருநாள் சொன்னார். குறை அவருடைய மூளையில் இல்லை. பொருள் பக்கத்திலேயே எழுதியிருக்கும்போது கண் அதைப் பார்த்துவிடுகிறது. நினைவு எதையும் தேடி எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. பத்துமுறை படித்ததில் ஒருமுறைகூட அவர் அந்தச் சொல்லை நினைவுகூரவில்லை.

படிப்பதும் நினைவுகூர்வதும் வேறு வேறு வேலை என்பதற்கு நல்ல சான்று ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால், சிலருக்கு அதை மேலும் படிக்கக் காட்டுவதை நிறுத்தினார்கள், ஆனால் தேர்வில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வேறு சிலருக்கு நேர்மாறாக, படிக்கக் காட்டிக்கொண்டே இருந்து, தேர்வில் கேட்பதை நிறுத்தினார்கள். அன்று எல்லோரும் நாற்பதையும் கற்றுவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, தொடர்ந்து கேட்கப்பட்டவர்களுக்குச் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. தொடர்ந்து படித்தும் கேட்கப்படாதவர்களுக்கு அதில் பாதியைக்கூட எட்ட முடியவில்லை.

ஆகவே இடைவெளி மீள்பயிற்சி என்று சொல்லப்படும் இந்த முறையில் இரண்டு வேலைகள் சேர்ந்தே நடக்கின்றன. ஒன்று, பொருளை மறைத்துவைத்துக் கேட்பது. மற்றொன்று, கேட்பதற்கு முன் கொஞ்சம் மறக்க விடுவது. இரண்டாவது ஏன் உதவுகிறது என்பதைப் போலந்துக்காரரான பியோதர் வோஸ்னியாக்கின் கருத்தைக்கொண்டு விளக்கலாம். ஆங்கிலச் சொற்களையும் உயிர்வேதியியலையும் படிக்கத் திணறிய மாணவர் அவர். தனக்காகவே ஒரு கணினி நிரலை எழுதி 1987-இல் பயன்படுத்தத் தொடங்கினார். ஒவ்வொரு நினைவுக்கும் இரண்டு அளவுகள் உண்டு என்பது அவர் பார்வை. இந்த நிமிடம் கேட்டால் வருமா என்பது ஒன்று; கேட்காமல் விட்டால் எத்தனை நாள் தாங்கும் என்பது மற்றொன்று. முதலாவது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். இரண்டாவது, சரியாக நினைவுகூரும்போது ஏறும். எவ்வளவு ஏறும் என்பதுதான் சூட்சுமம்: முதலாவது எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு அதிகமாக இரண்டாவது ஏறுகிறது. ஐந்து நிமிடத்துக்கு முன் பார்த்த சொல்லை மறுபடி சொல்வதால் அதன் ஆயுள் கூடுவதில்லை. நழுவப்போகிற சொல்லை ஒரு கணம் தடுமாறி எடுத்துவிட்டால் அதன் ஆயுள் இரண்டு மூன்று மடங்காகிறது. பாரிக் குடும்பத்துக்கு 56 நாள் இடைவெளி கடினமாக இருந்ததும் பலன் தந்ததும் இந்த ஒரே காரணத்தால்தான்.

இனி ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் பின்தொடர்வோம். செவிலியர் வகுப்பு என்பதால் ‘டெர் ஃபெர்பான்ட்’ என்ற சொல்லை எடுக்கிறேன். காயத்துக்குப் போடும் கட்டு. வோஸ்னியாக் அந்தக் காலத்தில் எழுதிய எஸ்எம்-2 என்ற கணக்குமுறை இன்றும் பல செயலிகளுக்கு அடிப்படை. கையால் போட்டுப் பார்க்கும் அளவுக்கு எளிமையானது. முதல் திருப்புதல் மறுநாள். இரண்டாவது அதிலிருந்து 6 நாள் கழித்து. அதன்பின் ஒவ்வொருமுறையும் முந்தைய இடைவெளியை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கெண் 2.5-இல் தொடங்குகிறது; சொல் எளிதாக வந்தால் கூடும், திணறி வந்தால் குறையும், 1.3-க்குக் கீழே போகாது.

ஜனவரி 1 அன்று ஃபெர்பான்ட் என்ற சொல்லைக் கற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமாரான எளிமையோடு ஒவ்வொருமுறையும் சரியாகச் சொல்லிவிடுகிறோம், பெருக்கெண் மாறவில்லை. செயலி அதை ஜனவரி 2 அன்று கேட்கும். பிறகு ஜனவரி 8. அடுத்த இடைவெளி 15 நாள், ஆகவே ஜனவரி 23. அடுத்தது 38 நாள், மார்ச் 2. அதன்பின் 95 நாள், ஜூன் 5. அதன்பின் 238 நாள் கடந்து, அடுத்த ஆண்டு ஜனவரி 29. பதின்மூன்று மாதங்களில் ஆறே திருப்புதல்கள். ஒரு கேள்விக்கு எட்டு நொடி ஆகும் என்றால், இந்தச் சொல்லைக் காப்பாற்ற ஆண்டு முழுவதும் நாம் செலவழித்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நோட்டில் பத்துமுறை படித்த அந்தப் பெண் ஒரே மாலையில் அதற்கு அதிகமாகச் செலவழித்திருப்பார்.

எல்லாச் சொல்லும் இப்படி ஒழுங்காகப் போகாது. மார்ச் 2 அன்று ஃபெர்பான்ட் வரவில்லை என்று வைப்போம். எஸ்எம்-2 அதை முதல் படிக்குத் திருப்பி அனுப்பும்: மார்ச் 3, மார்ச் 9, மார்ச் 24 என்று மறுபடி ஏற வேண்டும். இதைப் பார்த்துப் பலர் மனம் உடைகிறார்கள். இரண்டு மாத உழைப்பு வீண் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. மறதியை முதன்முதலில் அளந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட எண்களை இணையத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், “ஒரு நாளில் எழுபது சதவீதம் மறந்துவிடும்” என்று. அவர் அளந்தது அது இல்லை. பொருளற்ற அசைகளின் பட்டியலைத் தானே மனப்பாடம் செய்து, பிறகு அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு நாள் கழித்துச் சுமார் 34 சதவீத நேரம் மிச்சமானது. ஒரு மாதம் கழித்தும் 21 சதவீதம் மிச்சமானது. அதாவது, நாக்கில் வராத சொல்லும் முழுதாக அழிந்துபோவதில்லை. இரண்டாம் முறை கற்கும்போது அது விரைவாகவே பிடிபடுகிறது. மார்ச் 3 அன்று ஃபெர்பான்ட்டைச் சொல்வது ஜனவரி 2 அன்று சொன்னதைவிட எளிதாகவே இருக்கும்.

கணினி இல்லாத காலத்திலும் இதைச் செய்தார்கள். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் முன்வைத்த பெட்டி முறை அது. ஐந்து அறைகள் கொண்ட அட்டைப்பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். பின்னறைகளை அரிதாகவே திறப்பார்கள். கைபேசி பிடிக்காதவர்களுக்கு இன்றும் இதுவே போதும். சில நூறு சொற்கள் வரை பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கு மேல் அட்டைகள் கையில் அடங்குவதில்லை.

நான் பயன்படுத்துவது ஆங்கி என்ற செயலி. 2006 முதல் இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஒரு கேள்வியைக் காட்டும். மனத்துக்குள் விடை சொல்லிப் பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். பிறகு `Again`, `Hard`, `Good`, `Easy` என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அடுத்த தேதியை அது முடிவு செய்யும். இவ்வளவுதான் செயலி. மீதியெல்லாம் அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. முறை சரியில்லை என்று கைவிடுபவர்களில் பெரும்பாலோரைத் தோற்கடித்தது அவர்கள் எழுதிய அட்டைகள்தான் என்பது என் எண்ணம்.

ஃபெர்பான்ட் அட்டையையே பாருங்கள். முன்பக்கம் ஜெர்மன் சொல், பின்பக்கம் ‘கட்டு’ என்ற தமிழ்ச்சொல் என்று எழுதினால், மூன்று குழப்பங்கள் வந்துசேரும். தமிழில் கட்டு என்பது விறகுக் கட்டாகவும் இருக்கலாம், வினையாகவும் இருக்கலாம். ஜெர்மன் பெயர்ச்சொல்லுக்கு டெர், டீ, டாஸ் என்ற மூன்றில் எது முன்னால் வரும் என்பது தெரியாமல் போகும். உயர்திணை, அஃறிணை என்று பொருளை வைத்துப் பிரித்துப் பழகிய நமக்குக் காயக்கட்டு ஏன் ஆண்பால் என்று ஊகிக்க வழியே இல்லை. சொல்லோடு சேர்த்தே படித்தாக வேண்டும். மூன்றாவது, இந்தச் சொல்லை எங்கே, எந்த வினையோடு பயன்படுத்துவார்கள் என்பதும் தெரியாது. ஆகவே நான் முன்பக்கத்தில் ஒரு சிறு வாக்கியம் எழுதுகிறேன்: ‘இஹ் வெக்ஸ்லே டென் ____’, கீழே தமிழில் ‘நான் காயத்தின் கட்டை மாற்றுகிறேன்’. கோடிட்ட இடத்தில் ஃபெர்பான்ட் என்று வர வேண்டும். ‘டெர்’ இங்கே செயப்படுபொருளாகி ‘டென்’ என்று மாறியிருப்பது அது ஆண்பால் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. கட்டை மாற்றுவது என்பதற்கான வினையும் கூடவே வந்துவிடுகிறது.

ஆனால் ஓர் அட்டையில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். பன்மை என்ன, பாலென்ன, பொருளென்ன என்று மூன்றையும் ஒரே அட்டையில் கேட்டால், இரண்டைச் சொல்லி ஒன்றைத் தவறவிடும் நாளில் எந்தப் பொத்தானை அழுத்துவது? `Again` அழுத்தினால் தெரிந்த இரண்டும் முதல் படிக்குப் போய் நேரத்தைத் தின்னும். `Good` அழுத்தினால் தெரியாத மூன்றாவது மாதக்கணக்கில் கேட்கப்படாமல் கிடக்கும். பன்மை முக்கியம் என்றால் அதற்குத் தனி அட்டை.

திசையும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஜெர்மனைப் பார்த்துத் தமிழ் சொல்வது எளிது. தமிழைப் பார்த்து ஜெர்மன் சொல்வது கடினம். முதலாவது மட்டும் படித்தவர் படித்தால் புரிந்துகொள்வார். பேசும் நேரத்தில் சொல் வராது. வாசிப்புக்கு மட்டும் மொழி வேண்டும் என்பவர் ஒரு திசையோடு நிறுத்திக்கொள்ளலாம். நோயாளியிடம் பேசப்போகிற செவிலியருக்கு அது போதாது. அவருக்கு இரண்டு திசையும் தேவை. ஆகவே ஒரு சொல்லுக்கு இரண்டு அட்டை, இரண்டு மடங்கு வேலை. இந்த இரட்டிப்பை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் சில அட்டைகள் தலைவலியாகவே இருக்கும். ஜெர்மனில் ‘ட்ஸீயன்’ என்ற வினை இருக்கிறது, இழுத்தல். அதன் முன்னால் ஓர் ஒட்டைச் சேர்த்தால் ஆன்ட்ஸீயன் உடை அணிவது, அவுஸ்ட்ஸீயன் உடை களைவது, உம்ட்ஸீயன் வீடு மாறுவது. பாடநூல் இவற்றை ஒரே பக்கத்தில் ஒழுங்காக அடுக்கித் தருகிறது. அந்தப் பக்கத்தை அப்படியே அட்டையாக்கி ஒரே நாளில் சேர்ப்பவருக்கு, அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். ஒன்றைக் கேட்டால் மற்றொன்று வாயில் வரும். தவறைத் திருத்தினால் மறுநாள் அடுத்தது தவறும். நிறங்கள், பழங்கள், உடல் உறுப்புகள் என்று வகுப்புவாரியாகப் பட்டியல் போட்டுச் சொல் கற்பிப்பதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. தாமஸ் டிங்க்கம் 1993-இல் செய்த சோதனையில், பொருளால் நெருங்கிய சொற்களைச் சேர்த்துப் படித்தவர்கள், தொடர்பற்ற சொற்களைப் படித்தபோது கற்றதைவிட மெதுவாகவே கற்றார்கள். செயலி இதை அறியாது. ஒவ்வோர் அட்டையையும் அது தனித்தனியாகவே பார்க்கிறது; இந்த இரண்டு அட்டைகள்தான் சண்டை போடுகின்றன என்பது அதன் கணக்கில் வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி ஆங்கியிலேயே இருக்கிறது. ஒருமுறை கற்றுத் திருப்புதலுக்கு வந்துவிட்ட அட்டை எட்டுமுறை தவறிவிட்டால், அதற்கு `leech` என்று முத்திரை குத்திவிடும்; அமைப்பில் சொல்லியிருந்தால் ஒதுக்கியும் வைத்துவிடும். அட்டைப்பூச்சி என்று பொருள். உண்மையிலேயே இரத்தம் குடிப்பதுதான். அவற்றை அப்படியே மறுபடி வரிசையில் விடுவதில் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இது எந்தச் சொல்லோடு குழம்புகிறது என்று பார்க்க வேண்டும். அவுஸ்ட்ஸீயன் தவறும்போதெல்லாம் வாயில் வருவது ஆன்ட்ஸீயன் என்றால், இரண்டில் ஒன்றை ஒரு மாதத்துக்கு நிறுத்திவைத்து, மற்றது உறுதியான பிறகு புதிய வாக்கியத்தோடு கொண்டுவர வேண்டும். ‘அவன் மழையில் நனைந்த சட்டையைக் கழற்றுகிறான்’ என்பதுபோலப் பொருள் ஒன்றுக்கு மட்டுமே இடம்கொடுக்கும் வாக்கியம் வேண்டும். அப்படியும் திருந்தாத சொல்லை அழித்துவிடுவதே நல்லது. ஒரு சொல்லுக்காக நாளுக்கு ஒரு நிமிடம் என்றால், அந்த நேரத்தில் ஏழு நல்ல சொற்களைத் திருப்பிவிடலாம்.

இனி வேலைப்பளு. வளர்ந்தவர்கள் இந்த முறையில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். அதுவும் முதல் வாரத்தில் அல்ல, மூன்றாம் மாதத்தில். மேலே பார்த்த தேதிகளை வைத்தே கணக்குப் போடலாம். ஒரு சொல்லை 1-ஆம், 7-ஆம், 22-ஆம், 60-ஆம், 155-ஆம் நாள்களில் திருப்புகிறோம். நாள்தோறும் 10 புதிய சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனால், முதல் வாரம் முடியும்வரை நாளொன்றுக்கு 10 திருப்புதல்தான். மூன்று வாரத்தில் 30, இரண்டு மாதத்தில் 40, ஐந்து மாதத்தில் 50. இரண்டு திசை என்றால் 100. தவறிய அட்டைகள் மறுபடி ஏறுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 130. எட்டு நொடி வீதம் பதினேழு பதினெட்டு நிமிடம். வேலைக்குப் போகிறவருக்கு இது முடியும். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 சொற்பட்டியலில் சுமார் 2400 சொற்கள் இருக்கின்றன. இந்த வேகத்தில் எட்டு மாதம்.

எட்டு மாதம் அதிகம் என்று நினைத்து நாளுக்கு 30 சொல் சேர்ப்பவர் முதல் வாரத்தில் மகிழ்ச்சியாகவே இருப்பார்; ஒன்றும் கடினமாகத் தெரியாது. அதே கணக்கு மூன்று மடங்காகி, ஐந்தாம் மாதத்தில் நாளுக்கு 400 அட்டை, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஓர் ஊர்ப்பயணமோ காய்ச்சலோ வந்து ஒரு வாரம் விட்டுப்போனால் ஏறக்குறைய 2000 அட்டைகள் குவிந்திருக்கும். செயலியைத் திறக்கவே மனம் வராது. திறக்காத ஒவ்வொரு நாளும் கந்துவட்டிபோல அந்தக் குவியல் வளரும். நான் பார்த்தவரை கைவிட்டவர்களில் பெரும்பாலோர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கைவிட்டார்கள்.

குவிந்துவிட்டால் செய்ய வேண்டியது இரண்டு. முதலில் புதிய சொற்களை முழுதாக நிறுத்த வேண்டும். பிறகு, நாளுக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு வைத்து, இன்னும் மறக்காமல் இருக்க வாய்ப்பு அதிகமுள்ள அட்டைகளை முதலில் வரும்படி அடுக்க வேண்டும். ஆங்கியில் `Descending retrievability` என்ற வரிசை அதற்குத்தான். ஏற்கெனவே மறந்துபோனவை இன்னும் ஒரு வாரம் காத்திருந்தாலும் பெரிதாக இழப்பில்லை. ஓரத்தில் நிற்பவற்றைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். தாமதமாகக் கேட்டும் சரியாக வந்த சொல்லுக்கு, அந்தத் தாமதத்தையும் சேர்த்தே செயலி அடுத்த இடைவெளியைக் கணக்கிடும். அந்த வகையில் தாமதம் கொஞ்சம் நன்மையும் செய்கிறது.

பழைய கணக்குமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கியில் ஓர் அட்டை ஒவ்வொருமுறை தவறும்போதும் அதன் பெருக்கெண் 0.2 குறையும். ஆறுமுறை தவறினால் 2.5 என்பது 1.3 ஆகிவிடும். அதன்பின் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தாலும் 10 நாள், 13 நாள், 17 நாள் என்று ஊர்ந்துதான் ஏறும். கற்றுமுடித்த சொல்லும் விடாமல் வந்து நிற்கும். 2023-இன் இறுதியில் ஆங்கியில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்குமுறை சேர்க்கப்பட்டது. அது பயன்படுத்துபவரின் பழைய விடைகளையே படித்து, அவருடைய மறதியின் வேகத்தை மதிப்பிடுகிறது. இந்தச் சிக்கல் அதில் பெருமளவு தீர்ந்துவிட்டது. அதில் நாம் தொட வேண்டிய எண் ஒன்றே: `Desired retention`. திருப்பும் நேரத்தில் நூற்றுக்கு எத்தனை நினைவிருக்க வேண்டும் என்பது. தொடக்கத்தில் 90 என்று இருக்கும்.

தேர்வு நெருங்கும்போது இதை 95 ஆக்கிவிடலாம் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். 90-க்கும் 95-க்கும் இடையில் ஐந்துதான் என்று தோன்றும். ஆனால் 95 கேட்டால், மறதிக் கோட்டில் வெகு முன்னதாகவே கேட்க வேண்டும். இடைவெளிகள் பாதிக்கும் கீழே சுருங்குகின்றன, நாள் வேலை இரண்டு மடங்காகிறது. அந்தக் கூடுதல் கால்மணியில் ஒரு ஜெர்மன் செய்தியைப் படிப்பது மேல் என்பேன். நூற்றுக்குப் பத்துத் தவறுவது முறையின் குறை இல்லை. இடைவெளி போதுமான அளவு நீண்டிருக்கிறது என்பதன் அடையாளம். புள்ளிவிவரப் பக்கத்தில் 98 சதவீதம் சரி என்று காட்டினால், பார்க்கத் தேவையில்லாத சொற்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். 75 என்று காட்டினால், அட்டைகள் மோசம், அல்லது புதிய சொற்கள் அதிகம், அல்லது களைத்த நேரத்தில் செய்கிறோம்.

இந்த எண்கள் எல்லாம் பொத்தானை உண்மையாக அழுத்தினால்தான் பொருந்தும். `Hard` என்பது திணறி, ஆனால் சரியாகச் சொன்னதற்கு. மறந்த சொல்லுக்கு `Again` அழுத்த மனம் வராமல் `Hard` அழுத்துபவர்கள் நிறைய. செயலி அதைச் சரியான விடையாகவே எடுத்துக்கொண்டு, மறந்த சொல்லை இன்னும் தள்ளிவைக்கும். எஃப்எஸ்ஆர்எஸ் நம் மறதியைப் பற்றித் தவறாகக் கற்றுக்கொண்டு, மற்ற அட்டைகளின் தேதியையும் கெடுத்துக்கொள்ளும். நான் இப்போது இரண்டு பொத்தான்களைத்தான் பெரும்பாலும் தொடுகிறேன், `Again`, `Good`. நாலையும் வைத்து யோசிக்கும் நேரத்தில் அடுத்த அட்டையைப் பார்த்துவிடலாம்.

இன்னொரு விதமான ஏமாற்றம் இருக்கிறது. நாமே அறியாமல் நடப்பது. சில மாதங்களில் அட்டையின் வடிவமே பழகிவிடும். வாக்கியத்தின் முதல் சொல்லைப் பார்த்ததும் விடை வந்துவிடும், பொருளைப் படிக்கவே இல்லை. அட்டையில் ஒருபோதும் தவறாத சொல், பாடநூலின் வேறொரு வாக்கியத்தில் எதிர்ப்பட்டால் அறிமுகமற்றதாக நிற்கும். வேறு வாக்கியத்தில் பார்த்ததும் புரிகிறதா என்று அவ்வப்போது சோதிப்பதுதான் இதைக் கண்டறியும் வழி. புரியவில்லை என்றால், அட்டையின் வாக்கியத்தை மாற்றிவிடுகிறேன். இரண்டு நாள் தடுமாறும், பிறகு சரியாகும்.

செவிக்கும் இதே கதை. அட்டையை வாசித்துப் படித்த சொல்லைச் செய்தி வாசிப்பவர் சொல்லும்போது காது பிடிப்பதில்லை. ஃபெர்பான்ட் என்பதை எழுத்தில் பார்த்துப் பழகியவர் அதன் இறுதியில் உள்ள d எழுத்துக்கு மென்மையான ஒலியை எதிர்பார்ப்பார். ஜெர்மானியர் அதை வல்லினமாக முடிப்பார்கள். ஆகவே என் அட்டைகளில் பின்பக்கம் ஒலிப்பதிவும் உண்டு. விடை திறந்ததும் ஒலிக்கும், நானும் உரக்கச் சொல்வேன். பேருந்தில் அது முடியாது என்பதால் காலையில் வீட்டிலேயே முடித்துவிடுவது. அதற்கு மேல் செயலியால் ஆவது இல்லை. ஒரு சொல்லோடு எந்தச் சொல் சேரும், யாரிடம் எதைச் சொல்லலாம், எது மருத்துவர் பேச்சு, எது நோயாளியின் பேச்சு என்பதெல்லாம் நூறு வாக்கியங்களில் அந்தச் சொல்லைச் சந்தித்தால்தான் வரும்.

சென்னையில் அந்த நூறு வாக்கியங்கள் தாமாக வருவதில்லை என்பதே வளர்ந்தவரின் உண்மையான பிரச்சினை. ஜெர்மனியில் பிறந்த குழந்தை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட நாளிலிருந்து ஃபெர்பான்ட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும். நமக்கோ அது பாடநூலின் ஒன்பதாம் பாடத்தில் ஒருமுறை, பிறகு மாதிரித் தேர்வில் ஒருமுறை. நடுவே நான்கு மாதம். ‘மற்றும்’, ‘வீடு’, ‘போ’ போன்ற சொற்களுக்கு அட்டையே வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் அவை வந்து தாமே திருப்பிக்கொள்கின்றன. மிக அரிய சொற்களுக்கும் வேண்டாம்; கற்ற பலன் கிடைக்கும் முன் ஆண்டுகள் போய்விடும். நடுவில் இருக்கும் இரண்டாயிரம் மூவாயிரம் சொற்களுக்குத்தான் இந்த முறை பொருந்துகிறது.

திருச்சிப் பெண் இப்போது நோட்டையே மாற்றிவிட்டார். செயலி அவருக்குப் பிடிக்கவில்லை. இரவுப் பணியில் கைபேசியை எடுக்க விடுவதில்லை. லைட்னர் பெட்டியைக் காலணி டப்பாவில் செய்துகொண்டு, அன்றைக்குரிய அட்டைகளை மட்டும் சட்டைப்பையில் எடுத்துப்போகிறார். பின்பக்கத்தில் மருத்துவமனை வாக்கியங்கள். நோயாளிகள் உறங்கும் நேரத்தில் ஒரு தடவை, பணி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது தவறியவற்றை மட்டும் இன்னொரு தடவை. கடைசி அறையைத் தாண்டிய அட்டைகளை என்ன செய்வது என்று கேட்டார். தேர்வு வரை வைத்திருங்கள், மாதிரித் தேர்வுக்கு முன்தினம் மொத்தமாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வராதவை மட்டும் முதல் அறைக்குப் போகட்டும் என்றேன்.